கையால் போட்ட பிஎம்ஐ இசட் ஸ்கோர் இடிக்கிறதா? தப்பான விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

பள்ளியில் பிள்ளைகளுக்கு உயரம், எடை எல்லாம் எடுத்தாயிற்று, ஆனால் லேப்டாப் இல்லை, அல்லது இருக்கிறது சார்ஜ் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மென்பொருளான ஆந்த்ரோ ப்ளஸ் திறக்க வழியில்லை. கையில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆண்டு அட்டவணையின் பிரிண்ட், ஒரு கால்குலேட்டர், ஒரு பேனா. இசட் ஸ்கோர், அதாவது குழந்தையின் பிஎம்ஐ அந்த வயதின் நடு மதிப்பிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்ற எண், போட இது போதும். கணக்கு ஆறே வரிதான். பிரச்சினை என்னவென்றால், இந்த ஆறு வரியில் எங்கே சறுக்கினாலும் பல நேரம் நம்பும்படியான ஒரு எண்தான் வந்து நிற்கும். அதனால் சூத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எந்தத் தப்புக்கு எந்த விடை வரும் என்று ஒரே குழந்தையை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் விடை இடித்தால் கீழே அதே மாதிரி அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தை: சிறுமி, பிறந்தது 18-01-2019, அளவெடுத்தது 09-07-2024. எடை 22.4 கிலோ, உயரம் 108.5 செ.மீ. வயது முடிந்த மாதக் கணக்கில் 65. அட்டவணையில் பெண் குழந்தைகளுக்கான 65-ஆம் மாத வரியில் L = -0.9605, M = 15.2448, S = 0.09875.

M என்பது அந்த வயதின் நடு மதிப்பு. S, பிள்ளைகளின் பிஎம்ஐ அந்த நடு மதிப்பைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை M-இன் பங்காகச் சொல்வது, அதனால்தான் அது 0.1-ஐ ஒட்டிய சின்ன எண்ணாக இருக்கிறது. L கோணலைச் சரிசெய்வதற்கு: பிஎம்ஐ மேல் பக்கம் நீண்டு போகும், கீழ்ப்பக்கம் அவ்வளவு நீளாது, அந்த நீட்சியை மடக்கி இரண்டு பக்கமும் சமமாக்குகிற அடுக்கு அது. 5 முதல் 19 வயது வரைக்குமான இந்த பிஎம்ஐ அட்டவணையில் L எல்லா வரியிலும் மைனஸ்தான். இதை மனதில் வையுங்கள், பாதிப் பிழை இந்த மைனஸில்தான்.

```
X = எடை / (உயரம் மீட்டரில்)^2
z = ((X / M)^L - 1) / (L × S)
```

நம் குழந்தைக்கு:

```
22.4 / (1.085 × 1.085)  = 19.0278
19.0278 / 15.2448       = 1.24815
1.24815 ^ (-0.9605)     = 0.80823
0.80823 - 1             = -0.19177
-0.9605 × 0.09875       = -0.09485
-0.19177 / -0.09485     = +2.02
```

சரி, இதை வைத்துக்கொண்டு பிழைகளுக்குப் போகலாம். ஆனால் கால்குலேட்டரைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதே வரியில் வலது பக்கம் -3 முதல் +3 வரை ஒவ்வொரு திட்ட விலக்கத்துக்கும் உரிய பிஎம்ஐ, அதாவது எஸ்டி மதிப்புகள் அச்சாகியிருக்கும். நம் வரியில் நடு மதிப்பு 15.2, +1-க்கு 16.9, +2-க்கு 19.0, +3-க்கு 21.6. நம் சிறுமியின் பிஎம்ஐ 19.03. அதாவது +2-ஐத் தொட்டு ஒரு மயிரிழை தாண்டி நிற்கிறது, ஆக விடை 2.0-ஐ ஒட்டித்தான் வந்தாக வேண்டும். கணக்குப் போடும் முன்பே இதை நோட்டில் ஓரமாக எழுதிவிடுங்கள். வெறுமனே "2-க்கும் 3-க்கும் நடுவில்" என்று எழுதாமல், அந்த இடைவெளியில் எந்தப் பக்கம் ஒட்டி இருக்கிறது என்றும் சேர்த்து எழுத வேண்டும். ஏன் என்று அடுத்த பத்தியிலேயே தெரியும்.

விடை 2.50 என்று வருகிறது

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஏனென்றால் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. L-இன் மைனஸை இரண்டு இடத்திலும் விட்டுவிட்டீர்கள். 1.24815-ஐ +0.9605 அடுக்குக்கு உயர்த்தினால் 1.23727, அதில் 1 போனால் 0.23727, அதை 0.09485-ஆல் வகுத்தால் 2.50. இரண்டு பிழையும் சேர்ந்து குறியைச் சரியாக்கிவிடுவதால் கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. எஸ்டி பத்தியைப் பார்த்து "2.0-ஐ ஒட்டி" என்று எழுதி வைத்தவர் மட்டும்தான் இதைப் பிடிப்பார்.

கிட்டத்தட்ட இதே எண்ணுக்கு இன்னொரு வழியிலும் வரலாம். சிலர் L-ஐக் கண்டுகொள்ளாமல், M × S-ஐ சாதாரண திட்ட விலக்கமாக எடுத்துக்கொண்டு (X - M) / (M × S) என்று போடுவார்கள். அப்படிப் போட்டால் 2.51. L = 1 என்று வைத்துக் கணக்குப் போட்டதற்குச் சமம் அது, அதாவது கோணலே இல்லை என்று முடிவு கட்டியாயிற்று. பிஎம்ஐ விஷயத்தில் இது குண்டான பிள்ளைகளை இன்னும் குண்டாகக் காட்டும்.

அளவு சரி, குறி மட்டும் தலைகீழ்

நடு மதிப்பைவிடக் கனமான குழந்தைக்கு மைனஸ் விடை வந்தால் L-இன் மைனஸை ஓரிடத்தில் போட்டு இன்னோரிடத்தில் விட்டிருக்கிறீர்கள். எந்த இடம் என்பதை எண்ணே சொல்லிவிடும். -2.02 வந்தால் அடுக்கில் சரியாகப் போட்டு, வகுக்கும் எண்ணில் விட்டிருக்கிறீர்கள். -2.50 வந்தால் வகுக்கும் எண் சரி, அடுக்கில்தான் விட்டுப்போயிற்று. சில கால்குலேட்டரில் கழித்தலுக்கு ஒரு பட்டன், எதிர்க்குறிக்கு வேறு பட்டன் இருக்கும், அடுக்கு பட்டனுக்குப் பிறகு கழித்தல் பட்டனை அழுத்தினால் ஒன்று பிழைச் செய்தி வரும், இல்லையென்றால் அது பாட்டுக்கு வேறு கணக்கைப் போடும். அடுக்கை எப்போதும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவது நல்லது.

விடை 0.02, அல்லது ஆயிரக்கணக்கில்

இரண்டுமே அடைப்புக்குறிப் பிழை. கடைசி வரியில் `/ L × S` என்று அடைப்பு இல்லாமல் அழுத்தினால் கால்குலேட்டர் L-ஆல் வகுத்து S-ஆல் பெருக்கிவிடும், நம் குழந்தைக்கு 0.02 வரும். இது மோசம், ஏனென்றால் பூஜ்யத்தை ஒட்டிய விடை "ரொம்ப இயல்பான குழந்தை" என்று படிக்கப்பட்டுவிடும். ஒரு வகுப்பு முழுக்க இப்படிப் போட்டால் எல்லாப் பிள்ளையும் 0.05-க்குள் அடங்கி நிற்கும். நிஜத்தில் எந்த வகுப்பும் அப்படி இருக்காது.

மேலே `X / M ^ L` என்று அடைப்பு இல்லாமல் போட்டால் அடுக்கு M-க்கு மட்டும் போகும், விடை -2736 போல எகிறும். இதை யாரும் நம்பப் போவதில்லை, அதனால் பயமில்லை. மொத்தத்தையும் ஒரே மூச்சில் அழுத்தாமல் மேலே காட்டியது போல ஐந்தாறு வரியாக உடைத்து, ஒவ்வொரு வரியின் விடையையும் நோட்டில் எழுதிக்கொண்டே போனால் இந்த இரண்டு பிழைக்கும் இடமே இல்லை.

அடுக்கு பட்டனே இல்லை

ஃபோன் கால்குலேட்டர் என்றால் முதலில் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், பல ஃபோன்களில் அப்போதுதான் மீதிப் பட்டன்கள் வெளியே வரும் (திரை சுழல்வதைப் பூட்டி வைத்திருந்தால் வராது). `ln`-உம் `e^x`-உம் இருந்தாலும் போதும்: ln எடுத்து, L-ஆல் பெருக்கி, e^x போட்டால் அதே 0.80823.

மளிகைக்கடை கால்குலேட்டர் மட்டும்தான் என்றால் பள்ளியிலேயே வழி இருக்கிறது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் லாக் டேபிள் கேட்டு வாங்குங்கள். 1.248-இன் லாக் 0.0962. அதை -0.9605-ஆல் பெருக்கினால் -0.0924. ஆன்டிலாக் அட்டவணையில் மைனஸ் எண் கிடையாது, அதனால் 1 கூட்டி 0.9076 ஆக்கி, கூட்டிய ஒன்றை ஈடுகட்ட பார் 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். 0.9076-க்கு ஆன்டிலாக் 8083, பார் 1 என்பதால் தசமப்புள்ளி முன்னால் போய் 0.8083. அதில் 1 கழித்து -0.09485-ஆல் வகுத்தால் 2.02. நான்கு இலக்க அட்டவணையே இந்தக் கணக்குக்குத் தாராளம்.

இங்கே நடக்கிற தப்பு, பார் 1 வேலையைச் செய்யாமல் 0.0924-க்கு நேராக ஆன்டிலாக் பார்த்துவிடுவது. 1.237 வரும், கடைசியில் -2.50-இல் வந்து நிற்பீர்கள். நினைவிருக்கட்டும்: L மைனஸ் என்பதால், குழந்தையின் பிஎம்ஐ M-ஐவிட அதிகமாக இருந்தால் அடுக்குப் போட்ட விடை 1-க்குக் கீழே வர வேண்டும். M-ஐவிடக் குறைவு என்றால் 1-க்கு மேலே. இந்த ஒரு சோதனையைப் பாதி வழியிலேயே செய்துவிடலாம்.

நெருங்கி வருகிறது, ஆனால் ஒட்டவில்லை: 1.69, 1.99, 2.03

முழுக்க முழுக்க முன்கூட்டியே தசமத்தை வெட்டியதால் வருவது. X / M-ஐ 1.2 என்று ஒரே தசமத்தில் நிறுத்தினால் விடை 1.69. 1.25 என்று எழுதினால் 2.03, அது பரவாயில்லை. L-ஐ -1 என்றும் S-ஐ 0.1 என்றும் சுருக்கிக்கொண்டால் 1.99 வரும், பார்த்தால் 0.03 தான் வித்தியாசம், ஆனால் குழந்தை +2 கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நடு வரிகளில் நான்கு தசமம் வைத்துக்கொண்டு, கடைசி z-ஐ மட்டும் இரண்டு தசமத்துக்குச் சுருக்குங்கள். L, M, S மூன்றையும் அட்டவணையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எடுங்கள்.

பிஎம்ஐ-யை 19.0 என்று சுருக்கினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2.01 வரும். அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் சுருக்க என்ன அவசியம்.

கணக்கு ஒவ்வொரு வரியும் சரி, ஆனாலும் விடை வேறு

அப்போது பிழை கால்குலேட்டரில் இல்லை, வரியில் இருக்கிறது. ஆண் பிள்ளைகளின் தாளில் 65-ஆம் மாதம் L = -0.8322, M = 15.2619, S = 0.08490. நம் சிறுமிக்கு இதைப் போட்டால் 2.37. M இரண்டு தாளிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் M-ஐ மட்டும் பார்த்து "சரியான தாள்தான்" என்று ஏமாறுவது எளிது. இந்த வயதில் வித்தியாசம் S-இல்தான் தெரியும். இரண்டு தாளையும் பிரிண்ட் எடுத்ததும் மேலே பெரிய எழுத்தில் பெண், ஆண் என்று எழுதி ஒட்டிவிடுங்கள், வேறு மருந்து இல்லை.

வயது வரி அடுத்தது. ஜனவரியிலிருந்து ஜூலை ஆறு மாதம் என்று எண்ணி 66 போடுவார்கள், ஆனால் 18-ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு ஜூலை 9 அன்று ஆறாவது மாதம் முடியவில்லை. 5 வயது 5 மாதத்தை 5.5 வருஷம் என்று எழுதி 12-ஆல் பெருக்கினாலும் அதே 66 தான் வரும். இந்தக் குழந்தைக்கு அதனால் பெரிய சேதமில்லை, 66-ஆம் மாத வரியில் (-0.9780, 15.2464, 0.09920) விடை 2.01. ஒரு மாதம் தவறினால் பெரும்பாலும் இரண்டாவது தசமம்தான் ஆடும். ஆனால் "ஆறு வயசு நடக்குது" என்று பெற்றோர் சொன்னதை ஆறு என்றே எழுதினால் ஒரு வருஷம் வரை போய்விடும், அது சும்மா விடாது. பிறந்த தேதியைக் கேட்டு வாங்குங்கள், வயதைக் கேட்காதீர்கள்.

மூன்றாவது, கையில் இருப்பது வேறு அட்டவணையாகவே இருக்கலாம். மாதப் பத்தியில் 64.5, 65.5 என்று அரை மாதமாக ஓடினால் நீங்கள் வைத்திருப்பது அமெரிக்க சிடிசி-யின் அட்டவணை. சூத்திரம் அதே, எண்கள் வேறு, விடையும் வேறு. அட்டவணை 61-ஆம் மாதத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்றால் அது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான 2006 தரநிலை. அங்கே +2-ஐத் தாண்டினால் அதிக எடை, +3-ஐத் தாண்டினால்தான் உடல்பருமன். 2007 அட்டவணையில் +1-ஐத் தாண்டினாலே அதிக எடை, +2-ஐத் தாண்டினால் உடல்பருமன், -2-க்குக் கீழே மெலிவு, -3-க்குக் கீழே கடும் மெலிவு. அதனால் அங்கன்வாடித் தங்கைக்கும் பள்ளிக்கூடத்து அக்காவுக்கும் ஒரே 2.02 வந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டிய பெயர் வேறு. இதைக் குழப்பிவிட்டுக் கணக்கில் பிழை தேடி நேரம் போக்குபவர்கள் உண்டு.

எஸ்டி பத்தியோடும் ஒட்டுகிறது, மென்பொருளோடு மட்டும் ஒட்டவில்லை

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, X-ஏ தப்பு. உயரத்தால் இருமுறை வகுக்காமல் ஒருமுறை மட்டும் வகுத்தால் 20.6 வரும், z 2.66, எஸ்டி பத்தியோடு அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அந்தச் சோதனையே தப்பான X-ஐ வைத்துத்தான் நடந்தது. X-ஐ உயரத்தால் இரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள், 22.4 திரும்பி வர வேண்டும்.

இரண்டாவது காரணம் பிழையே அல்ல. z விடை +3-ஐத் தாண்டினாலோ -3-க்குக் கீழே போனாலோ உலக சுகாதார நிறுவனத்தின் மென்பொருள் சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாது. அதே வயதில் இன்னொரு சிறுமி, எடை 29 கிலோ, உயரம் 110 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ 23.967, சூத்திரத்தில் போட்டால் 3.72. மென்பொருள் 3.90 காட்டும். அந்தக் கோடியில் ஆதாரத் தரவில் பிள்ளைகள் மிகக் குறைவு, அங்கே வளைவை நம்ப முடியாது என்பதால், +2-க்கும் +3-க்கும் உள்ள தூரத்தை ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் நேர்கோட்டில் போகிறார்கள்:

```
SD(k) = M × (1 + L × S × k)^(1/L)
SD(+2) = 18.977    SD(+3) = 21.603
z = 3 + (23.967 - 21.603) / (21.603 - 18.977) = 3.90
```

மைனஸ் பக்கமும் இதே கதைதான், SD(-3)-இலிருந்து X எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்து, SD(-2)-க்கும் SD(-3)-க்கும் உள்ள தூரத்தால் வகுத்து, -3-இலிருந்து கழிக்க வேண்டும். எஸ்டி மதிப்புகளை ஒரு தசமத்தில் அச்சானபடியே எடுக்காமல் மேலே உள்ள முதல் வரியில் போட்டு மூன்று தசமத்துக்கு எடுங்கள், இடைவெளி சின்னது என்பதால் அந்தச் சுருக்கம் விடையை ஆட்டும். சூத்திரத்தை மட்டும் நம்பினால் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது: இந்த வரியில் எடை எவ்வளவு ஏறினாலும் z 10.55-ஐத் தாண்டவே தாண்டாது, L மைனஸாக இருப்பதால் மேல் பக்கம் நெருக்கிக்கொண்டே போகும்.

திருத்திய பிறகும் +5-க்கு மேலோ -5-க்குக் கீழோ வந்தால் மென்பொருளும் அதைச் சந்தேகக் கொடி போட்டுத்தான் வைக்கும். நீங்களும் கணக்கை விட்டுவிட்டு எடை, உயரம், பிறந்த தேதி மூன்றையும் மறுபடி பாருங்கள். உயரத்தை 118-க்குப் பதில் 108 என்று எழுதியிருக்கலாம்.

இரண்டு பேர் போட்டோம், ஒருவருக்கு 2.02, இன்னொருவருக்கு 1.95

யார் கணக்குத் தப்பு என்று சண்டை போடும் முன் உயரத்தை ஒப்பிடுங்கள். 108.5-க்குப் பதில் 109.0 என்று எடுத்தால் 1.95 தான் வரும், கணக்கு சரி. ஒரு செ.மீ. கூடினால் 1.87, ஒரு செ.மீ. குறைந்தால் 2.17. உயரம் இருமடி ஆவதால் இந்தத் தள்ளாட்டம். செருப்போடு நிற்பது, தலையில் பின்னலை உயர்த்திக் கட்டியிருப்பது, குதிகால் சுவரை ஒட்டாமல் இருப்பது, இதில் ஏதாவது ஒன்றே அரை செ.மீ. சாப்பிட்டுவிடும். நான்காவது தசமத்துக்கு மல்லுக்கட்டுகிற நாம் இதைச் சும்மா விட்டுவிடுகிறோம். எல்லைக்கோட்டை ஒட்டி, 1.8-க்கும் 2.2-க்கும் நடுவில் வருகிற பிள்ளையை எழுதி முடிக்கும் முன் இன்னொரு தடவை நிறுத்தி அளந்துவிடுங்கள்.

நோட்டில் z-ஐ மட்டும் எழுதி வைக்காதீர்கள். பிறந்த தேதி, அளந்த தேதி, எடை, உயரம், எந்தத் தாள், எந்த மாத வரி, எல்லாம் இருந்தால் ஊருக்குத் திரும்பியதும் மென்பொருளில் போட்டு ஒப்பிடலாம். அங்கே இரண்டாவது தசமத்தில் ஒன்றிரண்டு மாறினால் பதறாதீர்கள், சில மென்பொருள்கள் வயதை நாள் கணக்கில் எடுத்து இரண்டு மாத வரிகளுக்கு நடுவிலிருந்து L, M, S-ஐப் பிரித்து எடுக்கும். முதல் தசமமே மாறினால் தாளையும் மாத வரியையும் முதலில் பாருங்கள், அப்புறம் மைனஸை.